ஹால் டிக்கெட் தொலைந்துபோச்சா, ஆதாரை வீட்டிலேயே வைத்துவிட்டீர்களா? குரூப் 4 தேர்வு நாள் காலையில் செய்ய வேண்டியவை, வரிசையாக

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் நாலைந்து பள்ளிக்கூடங்கள் டிஎன்பிஎஸ்சி தேர்வு மையங்கள் என்பதால், குரூப் 4 நடக்கும் நாளில் காலை ஆறரைக்கே ஷட்டரைத் தூக்கிவிடுவேன். ஒவ்வொரு முறையும் எட்டு மணிக்குள் பத்துப் பதினைந்து பேராவது வெளிறிய முகத்தோடு வந்து நிற்பார்கள். ஹால் டிக்கெட் பையோடு போய்விட்டது, ஆதார் வேறு சட்டைப் பையில் இருக்கிறது, இப்படி. அவர்களில் நிறையப் பேர் தேர்வு எழுதிவிட்டார்கள், சிலர் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டார்கள். எழுத முடியாமல் போனவர்கள் பெரும்பாலும் காகிதம் கிடைக்காமல் போனவர்கள் இல்லை, வேலையை வரிசை மாற்றிச் செய்து நேரத்தை விட்டவர்கள். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம்.

குரூப் 4-ஐ வைத்துத்தான் எழுதுகிறேன். நீட், பிளஸ் டூ எழுதுபவர்களுக்குக் கடைசிக்கு முன்னால் ஒரு பகுதி இருக்கிறது, அங்கே விதி வேறு மாதிரி.

1. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள், வீட்டுக்குத் திரும்பாதீர்கள்

தேர்வு காலை 9.30-க்குத் தொடங்கி 12.30-க்கு முடியும். 8.30-க்கு மையத்தில் இருக்கச் சொல்வார்கள், 9.00 வரை உள்ளே விடுவார்கள். 9.00-க்கு மேல் கையில் எல்லாக் காகிதமும் இருந்தாலும் விடமாட்டார்கள். ஆக, உங்களுடைய கடைசி நேரம் 9.30 இல்லை, 9.00. அதிலும் கேட்டில் வரிசை நிற்கும், சோதனை இருக்கும் என்பதால் 8.40-ஐக் கடைசி நேரமாக வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

மறந்துவிட்டோம் என்று தெரிந்ததும் கால் தானாக வீட்டுப் பக்கம் திரும்பும். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வீட்டுக்குப் போய் மையத்துக்குத் திரும்ப முக்கால் மணி நேரம் ஆகும் என்றால், அதே முக்கால் மணியில் இரண்டையும் புதிதாக இறக்கிப் பிரிண்ட் எடுத்துவிடலாம். போய் வந்தால் ஏழே முக்காலுக்குள் மையத்தருகே நிச்சயமாக இருப்பேன் என்றால் மட்டும் திரும்புங்கள். இல்லையென்றால் மையம் இருக்கும் திசையிலேயே போங்கள், வழியில் பிரிண்ட் எடுக்கும் இடத்தைத் தேடுங்கள். அவசரம் முடியாமல் போனால்கூட மையத்தின் வாசலிலாவது இருப்பீர்கள்.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். ஹால் டிக்கெட் என்பது பத்துத் தடவை வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு பிடிஎஃப். அது தொலைந்ததற்குப் புகார் ரசீது வாங்கி வந்து கேட்டில் காட்டினால் யாரும் அதை ஹால் டிக்கெட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பர்ஸே போயிருந்தால் புகார் வேண்டும்தான், அது தேர்வு முடிந்த பிறகு.

2. என்ன தேவை என்று எண்ணிக்கொள்ளுங்கள்

உள்ளே போக இரண்டு காகிதம் வேண்டும். ஒன்று ஹால் டிக்கெட். இன்னொன்று ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, வாக்காளர் அட்டை இந்த ஐந்தில் ஏதாவது ஒன்று. ஆதார்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, பையில் ஓட்டுநர் உரிமத்தை வைத்துக்கொண்டே பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். பைக்கில் வந்திருந்தால் முதலில் வண்டியின் சீட்டுக்கு அடியிலும் பர்ஸின் உள்ளறையிலும் பாருங்கள். கல்லூரி அடையாள அட்டை, ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் இதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை.

அசல் வேண்டுமா, நகல் போதுமா என்பது உங்கள் ஹால் டிக்கெட்டின் அறிவுரைப் பகுதியில் இருக்கும். பிடிஎஃபை இறக்கியதும் அந்த ஒரு வரியை மட்டுமாவது படித்துவிடுங்கள். நண்பன் போன தேர்வில் எதைக் காட்டினான் என்பது இந்தத் தேர்வுக்குக் கணக்கில்லை.

இவற்றைப் புதிதாக எடுக்க உங்கள் கையில் இருக்க வேண்டியவை: உங்கள் விண்ணப்ப எண், பிறந்த தேதி, ஆதார் எண், அந்த ஆதாரோடு இணைத்த செல்போன். நாலாவதுதான் சிக்கல். அந்த போன் பல பேருக்கு அவர்களுடைய போனே இல்லை. அப்பாவுடையது, அண்ணனுடையது, சில சமயம் எப்போதோ விட்டுப்போன ஒரு சிம்.

3. அடையாளச் சான்றை முதலில் எடுங்கள், ஹால் டிக்கெட்டை அப்புறம்

எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். ஹால் டிக்கெட்தான் பெரிய விஷயம் என்று அதற்குள் இறங்கி, அதை எடுத்து முடித்த நிம்மதியில் டீ குடித்துவிட்டு, அப்புறம் ஆதாருக்கு வருவார்கள். ஹால் டிக்கெட்டுக்கு எண்ணும் பிறந்த தேதியும் தெரிந்தால் நீங்களே தனியாக எடுத்துவிடலாம். ஆதாருக்கு ஓடிபி வேண்டும், ஓடிபிக்கு இன்னொரு ஆள் வேண்டும், அந்த ஆள் வயலில் இருக்கலாம். இன்னொருவரைச் சார்ந்த வேலையை முதலில் கிளப்பிவிட வேண்டும், அவர்கள் தேடும் நேரத்தில் தனியாகச் செய்யும் வேலையை முடித்துக்கொள்ளலாம்.

வீட்டில் யாராவது இருந்தால் முதல் அழைப்பு அவர்களுக்குத்தான். இரண்டு வேலை சொல்லுங்கள். மறந்துவிட்டுப் போன ஆதாரை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ஆதாரோடு இணைத்த போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போட்டோவை மேசை மேலே வெளிச்சத்தில் வைத்து, நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு எடுத்தால் லேமினேஷனில் டியூப்லைட் பளிச்சென்று அடித்து முகமே தெரியாது. வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக இல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்பினால் தெளிவு குறையாது. இந்தப் போட்டோவிலிருந்து எடுக்கும் பிரிண்ட் வெறும் நகல்தான். நகல் போதும் என்று ஹால் டிக்கெட்டில் இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் இ-ஆதார்.

4. இ-ஆதார் இறக்குவது, பாஸ்வேர்டில் மாட்டிக்கொள்ளாமல்

`myaadhaar.uidai.gov.in` தளத்துக்குப் போய் `Download Aadhaar` என்பதைத் தொடுங்கள். ஆதார் எண், பக்கத்தில் தெரியும் கேப்ட்சா எழுத்துகள், அப்புறம் `Send OTP`. இந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். போன் யார் கையில் இருக்கிறது, அவர் மெசேஜைத் திறந்து படிக்கத் தெரிந்தவரா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே அழுத்துங்கள். ஓடிபிக்குக் கொஞ்ச நேரம்தான் உயிர். முதலில் அழுத்திவிட்டு அப்புறம் ஆளைத் தேடினால், ஆள் கிடைக்கும்போது ஓடிபி செத்திருக்கும். மறுபடி அழுத்துவார்கள், பழைய மெசேஜும் புது மெசேஜும் கலந்துவிடும், அந்தப் பக்கம் பழையதைப் படிப்பார்கள். கடைசியாக வந்த மெசேஜைப் படியுங்கள் என்று சொல்வதே ஒரு வேலை.

மறைத்த ஆதார் வேண்டுமா என்று கேட்கும் ஒரு கட்டம் அங்கே இருக்கும், `masked Aadhaar` என்று. அதில் டிக் போட வேண்டாம். டிக் போட்டால் எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும்தான் அச்சாகும், கேட்டில் நிற்பவர் அதைப் பார்த்து என்ன இது என்று கேட்பார், அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க உங்களுக்கு நேரம் இல்லை.

இறங்கிய பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்கும். ஆதாரில் இருக்கும் ஆங்கிலப் பெயரின் முதல் நாலு எழுத்து, பெரிய எழுத்தில், அதோடு ஒட்டிப் பிறந்த ஆண்டு. நம் ஊரில் இனிஷியல் முன்னால் வரும், அதுதான் பிரச்சினை. ஆதாரில் `K. MALAR` என்று இருந்து பிறந்த ஆண்டு 1999 என்றால்:

```
K.MA1999
```

இனிஷியலும் சேரும், புள்ளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும், இடைவெளி மட்டும் வராது. `MALA1999` என்று அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, பிடிஎஃப் கெட்டுப்போய்விட்டது என்று திரும்ப ஓடிபி போடுகிறவர்கள் நிறைய. அட்டையில் `MALAR K` என்று பின்னால் இனிஷியல் இருந்தால் `MALA1999` சரி. மூன்றெழுத்துப் பெயர் என்றால் மூன்றெழுத்தோடு ஆண்டு, அவ்வளவுதான். நீங்கள் வழக்கமாக எழுதும் பெயரைப் பார்க்காதீர்கள், அட்டையில் உள்ளதைப் பாருங்கள். அட்டை வீட்டில் இருந்தால் வீட்டிலுள்ளவரை எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள்.

ஆதாரோடு இணைத்த சிம்மே இப்போது இல்லையா, ஆதாரை விட்டுவிடுங்கள். டிஜிலாக்கர் ஆப்பை முன்பே போனில் திறந்து வைத்திருந்தால் அதில் ஓட்டுநர் உரிமமோ பான் கார்டோ இருக்கலாம், அதைப் பிடிஎஃபாக எடுத்துப் பிரிண்ட் போடலாம். புதிதாகக் கணக்கு தொடங்குவதற்கு இது நேரம் இல்லை.

5. ஹால் டிக்கெட்டைத் திரும்ப எடுப்பது

`tnpscexams.in` தளத்தில் உங்கள் ஒருமுறைப் பதிவுப் பக்கத்தின் வழியாக விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்து எடுக்க வேண்டும். `tnpsc.gov.in` போனாலும் அங்கேயே கொண்டுபோய் விடும். கூகுளில் தேடி வரும் ஏதோ ஒரு வேலைவாய்ப்புச் செய்தித் தளத்தின் இணைப்பைத் தொடாதீர்கள். நாலு விளம்பரத்தைத் தாண்டி அதுவும் கடைசியில் இங்கேதான் அனுப்பும்.

விண்ணப்ப எண் நினைவில் இருக்காது, அது யாருக்கும் இருக்காது. விண்ணப்பித்த நாளில் வந்த மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ தேடுங்கள், TNPSC என்று தேடினால் போதும். கணினி மையத்தில் விண்ணப்பித்தவர்களுக்கு இங்கே ஒரு வம்பு: மின்னஞ்சல் முகவரியே அந்த மையக்காரருடையதாக இருக்கும். அப்படியானால் ஏழு மணிக்கும் அவரைக் கூப்பிடுங்கள், திட்டினாலும் பரவாயில்லை, பெரும்பாலும் அவருடைய கணினியில் உங்கள் விண்ணப்பப் பிடிஎஃபும் ஹால் டிக்கெட்டும் கிடக்கும்.

அதற்கும் முன்னால், நீங்கள் முதல் தடவை எடுத்த பிடிஎஃபே போனின் டவுன்லோடு பகுதியில் இருக்கிறதா பாருங்கள். பிரிண்ட் எடுக்க யாருக்கோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருப்பீர்களே, அந்த உரையாடலில் இருக்கும். பாதிப் பேருக்கு இங்கேயே கிடைத்துவிடும், தளத்துக்கே போக வேண்டியதில்லை.

எடுத்ததும் மூன்று விஷயத்தைச் சரிபாருங்கள். தலைப்பில் இது ஹால் டிக்கெட்டா, விண்ணப்பமா? விண்ணப்பத்திலும் உங்கள் போட்டோ இருக்கும், அவசரத்தில் அதையே பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டிலிருந்து ஓடிவந்தவர்கள் உண்டு. அடுத்து, தேதி இன்றைய தேதியா? குரூப் 2-க்கும் விண்ணப்பித்திருந்தால் பழைய ஹால் டிக்கெட் அதே போனில் கிடக்கும். மூன்றாவது, மையத்தின் முழுப் பெயர். எங்கள் ஊரில் அரசு மேல்நிலைப் பள்ளி, அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி, நகராட்சி மேல்நிலைப் பள்ளி என்று மூன்று இருக்கின்றன, ஒன்றுக்கொன்று ஒன்றரைக் கிலோமீட்டர். உங்கள் போட்டோவும் பதிவெண்ணும் அச்சடித்த விடைத்தாள் அந்த ஒரு பள்ளியில், அந்த ஒரு அறையில்தான் இருக்கும். வேறு பள்ளிக்குப் போய், இங்கேயே எழுதிக்கொள்கிறேன் என்று கெஞ்சினாலும் அங்கே உங்களுக்குத் தாள் கிடையாது.

6. பிரிண்ட் எடுப்பது: எங்கே, எப்படி

அரசு இ-சேவை மையத்தைத் தேடி ஓடாதீர்கள், அது அலுவலக நேரத்தில்தான் திறக்கும். தேர்வு நாளில் காலையிலேயே திறப்பவை பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை, தேர்வு மையம் இவற்றின் அருகிலுள்ள தனியார் ஜெராக்ஸ் கடைகள். ஒன்றும் திறக்கவில்லை என்றால் பக்கத்து லாட்ஜ் வரவேற்பு மேசையில் கேளுங்கள், தங்க வருபவர்களின் அடையாள அட்டையை நகலெடுக்க அங்கே ஒரு பிரிண்டர் பெரும்பாலும் இருக்கும். இருபது ரூபாய் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள்.

கடைக்காரருக்குப் பிடிஎஃபாகவே அனுப்புங்கள், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட்டில் பாதிப் பக்கம் வெட்டுப்பட்டு, மேலே பேட்டரி அளவும் நேரமும் தெரியும், போட்டோ கறுப்புத் திட்டாக விழும். இ-ஆதார் பிடிஎஃபை அனுப்பும்போது பாஸ்வேர்டையும் சேர்த்து எழுதி அனுப்பிவிடுங்கள். இரண்டிலும் இரண்டு பிரதி எடுங்கள், பத்து ரூபாய் மிச்சம் பிடித்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

பிரிண்டில் முகம் தெளிவாக இல்லையா? கடையை விட்டு நகர்வதற்கு முன்பே ஒரு வெள்ளைத்தாள் வாங்குங்கள். ஹால் டிக்கெட்டில் போட்டோ இல்லாமலோ, தெளிவில்லாமலோ, இப்போதைய தோற்றத்தோடு பொருந்தாமலோ இருந்தால் அதற்கு முறையே இருக்கிறது. வெள்ளைத்தாளில் பாஸ்போர்ட் அளவு போட்டோ ஒன்றை ஒட்டி, பெயர், முகவரி, பதிவெண் எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஹால் டிக்கெட் நகலும் அடையாள அட்டை நகலும் இணைத்து முதன்மைக் கண்காணிப்பாளரிடம் கொடுக்க வேண்டும், அவர் சரிபார்த்துச் சான்றளிப்பார். பர்ஸில் எப்போதும் ஒரு பாஸ்போர்ட் போட்டோ கிடந்தால் இங்கே உதவும். ஜெராக்ஸ் கடையில் பசை இருக்கும், வாங்கி அங்கேயே ஒட்டிவிடுங்கள்.

கிளம்பும்போது கருப்பு மை பந்துமுனைப் பேனா இருக்கிறதா என்று பாருங்கள். ஹால் டிக்கெட் பையோடு போயிருந்தால் பேனாவும் அதோடுதான் போயிருக்கும், அது கேட்டுக்கு உள்ளே போன பிறகுதான் பலருக்கு உறைக்கும்.

7. ஒரு காலைப்பொழுது, நிமிடக் கணக்கில்

ஒரு தேர்வு நாளில் ஏழே காலுக்கு ஒரு பெண் கடைக்கு வந்தார். டவுன் பஸ்ஸில் வந்தவர், கைப்பையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கிவிட்டார். ஹால் டிக்கெட், ஆதார், பேனா, பணம் எல்லாம் அதில். கையில் போன் மட்டும். பஸ்ஸைத் துரத்த ஆட்டோ பிடிக்கலாமா என்றுதான் முதலில் கேட்டார். அந்த பஸ் திரும்பி வர ஒன்பது ஆகும், இரும்மா என்று உட்காரவைத்தேன்.

ஆதாரோடு இணைந்திருப்பது அவருடைய அப்பாவின் பட்டன் போன். பதற்றத்தில் அவர் கடைக்கு வரும் முன்பே `Send OTP` அழுத்திவிட்டிருந்தார். அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டு மோட்டார் போடப் போயிருந்தார், போனை எடுத்தது அம்மா, அம்மாவுக்கு மெசேஜ் திறக்கத் தெரியாது. “அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கம்மா, ஸ்கூல் போற பிள்ளை யாராவது” என்றேன். ஏழு வயதோ எட்டு வயதோ, ஒரு பையன் வந்து எண்களை ஒவ்வொன்றாக வாசித்தான். போட்டால் தவறு என்று வந்தது, அது முதலில் அழுத்தியபோது வந்த பழைய ஓடிபி. பையனைப் போனோடு அங்கேயே நிறுத்திவைத்துவிட்டு மறுபடி அழுத்தினோம், மெசேஜ் விழுந்த சத்தம் எங்களுக்கே கேட்டது, வாசித்தான், இறங்கியது. மணி 7.40.

பாஸ்வேர்டு இரண்டு முறை தவறியது, இனிஷியல் சேர்த்ததும் திறந்தது. ஹால் டிக்கெட் அவருடைய தம்பிக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப்பிலேயே கிடைத்தது, அது இரண்டு நிமிட வேலை. 7.50-க்கு இரண்டும் அச்சாகிவிட்டன. ஒரு பேனாவும் ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாயும் கொடுத்து அனுப்பினேன். 8.10-க்குப் பள்ளிக்குள் போய்விட்டதாகப் பிறகு சொன்னார். முப்பத்தைந்து நிமிடத்தில் இருபத்தைந்து நிமிடம் போனது அந்த ஓடிபிக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் மூன்றாவது பகுதியில் அவ்வளவு அழுத்திச் சொன்னேன்.

8. கேட்டில் என்ன சொல்வது, யாரிடம் சொல்வது

போனில் இருக்கும் ஹால் டிக்கெட்டைக் காட்டி உள்ளே போகலாம் என்று நினைக்காதீர்கள். போனையே வளாகத்துக்குள் எடுத்துப்போகக் கூடாது என்பது விதி. ஆக, அதில் இருப்பதும் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும். பிரிண்ட் எடுத்த பிறகு போனைக் கூட வந்தவரிடமோ, கடையிலோ கொடுத்துவிடுங்கள். ஸ்மார்ட் வாட்சும் அப்படியே. போனைப் பைக்குள் அணைத்து வைத்தேன் என்பது உள்ளே சமாதானம் ஆகாது.

ஹால் டிக்கெட் இருக்கிறது, அடையாளச் சான்று மட்டும் எப்படி முயன்றும் கிடைக்கவில்லை என்றால், அப்போதும் 8.30-க்குள் வாசலுக்குப் போங்கள். காவலுக்கு நிற்பவரிடம் வாதாடாதீர்கள், முடிவு எடுப்பது அவர் இல்லை. “முதன்மைக் கண்காணிப்பாளரைப் பார்க்கணும், அடையாள அட்டை விஷயம்” என்று ஒரே வரியில் கேளுங்கள். அவரிடம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, வீட்டிலிருந்து எடுத்து வர ஆள் கிளம்பியாகிவிட்டது என்றால் அதையும் சொல்லி, கையெழுத்திட்டு எழுதித் தரத் தயார் என்று சொல்லுங்கள். விடைத்தாளிலேயே உங்கள் போட்டோ அச்சாகி வருவதால் முகத்தை ஒப்பிட அவருக்கு வழி இருக்கிறது. ஆனால் அனுமதிப்பது அவர் முடிவு, உங்கள் உரிமை இல்லை. இதை நம்பி மூன்றாவது, நாலாவது பகுதிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

ஹால் டிக்கெட்டே இல்லாமல் போனால் இந்தப் பேச்சுக்கு இடமே கிடையாது. அதனால் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க நேரம் இருக்கிறது என்கிற கடைசிக் கட்டத்தில், 8.35 ஆகிவிட்டது, ஓடிபியும் வரவில்லை என்றால், ஹால் டிக்கெட்டை மட்டும் அச்செடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

அறைக்குள் உட்கார்ந்த பிறகுதான் அட்டை இல்லை என்று தெரிந்தால் உடனே அறைக் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிடுங்கள். அவர் மேசை மேசையாக வந்து கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால், அப்போது வினாத்தாள் கையில் இருக்கும், மறைத்தது போலவும் ஆகிவிடும்.

9. நீட், பிளஸ் டூ எழுதுபவர்களுக்கு

நீட்டில் அடையாளச் சான்று அசலாக இருக்க வேண்டும், ஜெராக்ஸும் செல்போனில் இருக்கும் படமும் செல்லாது. இ-ஆதார் பிரிண்ட் பட்டியலில் இருப்பதால் மேலே சொன்ன வழி இங்கேயும் உதவும். தேர்வு மதியம் 2 மணிக்கு, கேட் மூடுவது 1.30-க்கு என்பதால் காலையில் நிறையவே நேரம் இருக்கும்.

ஆனால் அட்மிட் கார்டு தொலைந்தால் வேலை கூடுதல். அது வெறும் பிரிண்ட் இல்லை. அதில் போட்டோ ஒட்டி, கைரேகை வைத்து, பெற்றோர் கையெழுத்தும் போட்டிருக்க வேண்டும், போஸ்ட்கார்டு அளவு போட்டோவும் தனியாக வேண்டும். மறுபிரிண்ட் எடுக்கும்போது இவை எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். பிள்ளையைக் கேட்டில் விட்டதும் அப்பா அம்மா ஊருக்குப் பஸ் ஏறிவிடாதீர்கள். மாணவரின் கையெழுத்தை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடாமல் அறையில் கண்காணிப்பாளர் முன்னால் போட விட்டுவையுங்கள்.

பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு என்றால் இணையத்தில் தேடி அலைய வேண்டாம். ஹால் டிக்கெட் பள்ளி வழியாக வருவது, தலைமையாசிரியருக்கோ வகுப்பாசிரியருக்கோ உடனே போன் போடுங்கள்.

10. தேர்வு முடிந்த பிறகு

கடையில் வாட்ஸ்ஆப் வழியாக அனுப்பிய இ-ஆதாரை அவருடைய கணினியிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள், முடிந்தால் நின்று பார்த்துவிட்டுப் போங்கள். நான் அழித்துவிடுவேன், எல்லாக் கடையிலும் அப்படி என்று சொல்ல முடியாது.

பை பஸ்ஸில் போனதென்றால் டிக்கெட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், பணிமனையில் எந்த வண்டி என்று சொல்ல அது உதவும். அந்தப் பெண்ணுக்குப் பை அன்று மாலையே கிடைத்துவிட்டது, நடத்துநர் எடுத்து வைத்திருந்தார், பணத்தோடு. கிடைக்காவிட்டால் தமிழ்நாடு காவல்துறையின் `eservices.tnpolice.gov.in` தளத்தில் தொலைந்த ஆவணங்களுக்கு அறிக்கை பதியலாம், புது உரிமமோ பான் கார்டோ வாங்கும்போது கேட்டால் காட்டலாம்.

இரண்டாவதாக எடுத்த ஹால் டிக்கெட்டைக் கசக்கிப் போடாதீர்கள். முடிவு பார்க்கப் பதிவெண் அதில்தான் இருக்கிறது, முடிவு வரும்போது அதைத் தேடிக்கொண்டு மறுபடியும் என் கடைக்கு வருபவர்கள் தனிக் கணக்கு.